ஒரு மெசேஜுக்கு எத்தனை நாள் ஆயுள்?

நான்கு வருடம் குடியிருந்த வீட்டைப் போன மே மாதம் காலி செய்தோம். அட்வான்ஸ் எண்பதாயிரம் ரூபாய். சாவியை வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர், பெயின்ட் செலவு என்று பதினெட்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜனவரியில் நாங்கள் காலி செய்யப்போவதாகச் சொன்னபோது, "நாலு வருஷம் ஒழுங்கா வாடகை குடுத்திருக்கீங்க சார், பெயின்ட்டுக்கெல்லாம் பிடிக்க மாட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியது இதே மனிதர்தான். எழுத்திலேயே இருக்கிறதே, காட்டிவிடலாம் என்று போனை எடுத்தேன்.

மெசேஜ் இல்லை. மேலே போய்ப் பார்த்தேன். கடந்த வருடத்துப் பேச்சுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இந்த வருடம் ஜனவரி, பிப்ரவரி சுத்தமாகக் காணோம். அழித்துவிட்டாரோ என்று அவர் மேல் சந்தேகம் வந்தது. பழைய பேச்சு முடிகிற இடத்தில் நடுவாக, சின்ன எழுத்தில் ஒரு வரி மட்டும் நின்றுகொண்டிருந்தது. இனி வரும் மெசேஜ்கள் 90 நாளில் மறைந்துவிடும், இந்த ஏற்பாட்டைச் செய்தது இன்னார் என்று சொல்லும் வரி. அதில் அவர் பெயர் இல்லை. என் பெயர்தான் இருந்தது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. புது வருடத்தன்று போனைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, கண்ணில் பட்ட சாட்களுக்கெல்லாம் வரிசையாக டைமர் போட்டிருந்தேன். 90 நாள் என்பது தாராளம் என்று நினைத்தேன். அவர் எழுதியது ஜனவரி 12. அதிலிருந்து 90 நாள் எண்ணினால் ஏப்ரல் 12. நாங்கள் வீட்டைக் காலி செய்தது மே 31. எனக்கு மெசேஜ் தேவைப்பட்ட நாளுக்கு ஏழு வாரம் முன்பே அது போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசியில் பேசிப் பேசி ஒன்பதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டோம். "ஏங்க, அவருக்கு ஒன்பதாயிரம் குடுத்தது அவர் இல்ல, நீங்கதான்" என்றாள் மனைவி. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த ஒன்பதாயிரத்துக்கு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

வாட்ஸ்அப்பில் இந்த வசதி 2020 நவம்பரில் வந்தது. அப்போது ஒரே ஒரு அளவுதான்: 7 நாள். அடுத்த வருடம் டிசம்பரில் 24 மணி நேரம், 90 நாள் என்று இன்னும் இரண்டு சேர்ந்தன. இப்போது ஒரு சாட்டுக்கு நாம் தேர்ந்தெடுக்கக்கூடியது இந்த மூன்றில் ஒன்று, அல்லது டைமரே இல்லாத நிலை.

டைமர் போட்ட நிமிடத்திலிருந்து அனுப்பப்படும் மெசேஜ்களை மட்டும்தான் அது பிடிக்கும். அதற்கு முன்னால் இருந்தவற்றைத் தொடாது. என் சாட்டில் போன வருடத்துப் பேச்சு பிழைத்தது இதனால்தான். பழைய ரகசியம் ஏதாவது கிடக்கிறது, டைமர் போட்டால் அதுவும் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். போகாது. அதைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். டைமர் இருந்தபோது அனுப்பிய மெசேஜ் தன் ஆயுளைத் தன்னோடு எடுத்துக்கொண்டே போகிறது. நாளைக்கு நீங்கள் மனம் மாறி டைமரை நிறுத்தினாலும், நேற்று அனுப்பியது குறித்த நேரத்தில் மறைந்தே தீரும். நிறுத்துவது இனி வருவதற்குத்தான் செல்லும்.

இருவர் பேசும் சாட்டில் யார் வேண்டுமானாலும் டைமர் போடலாம், யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். அடுத்தவரின் சம்மதம் கேட்பதில்லை. சாட்டுக்குள் ஒரு வரி வரும், அவ்வளவுதான். போட்டால் இரண்டு பக்கத்திலும் மறையும். குரூப்பில் அட்மின் கட்டுப்படுத்தி வைக்காவிட்டால் உறுப்பினர் எவரும் இதை மாற்ற முடியும். ஆகவே, "நான் எதையும் போடவில்லையே" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் போட்டிருக்கலாம்.

இனி, கடிகாரம். வாட்ஸ்அப்பில் அது மெசேஜை அனுப்பிய நொடியிலிருந்து ஓடுகிறது. பெறுகிறவர் படித்தாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. ஊரில் இருக்கும் அப்பா வாரத்துக்கு ஒரு முறைதான் நெட்டைப் போடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 24 மணி நேர டைமரில் அனுப்பிய மருந்துச் சீட்டு, அவர் திறந்து பார்க்கும் முன்பே மறைந்திருக்கும். சிக்னல் செயலியில் ஏற்பாடு வேறு: அனுப்பியவர் பக்கத்தில் அனுப்பியதிலிருந்தும், பெற்றவர் பக்கத்தில் அவர் படித்ததிலிருந்தும் நேரம் ஓடும். அதனால் சிக்னலில் ஐந்து நிமிட டைமருக்குக்கூட அர்த்தம் உண்டு. வாட்ஸ்அப்பில் மிகக் குறைந்த அளவே 24 மணி நேரம்தான் என்றாலும், தினமும் போன் பார்க்காதவரோடு பேசும் சாட்டில் அதுவும் ஆபத்துதான்.

யாரிடமிருந்து காப்பாற்றுகிறது?

டைமரைப் போட்டுவிட்டால் நம் பேச்சு ரகசியமாகிவிடுகிறது என்றுதான் முதலில் தோன்றும். யோசித்துப் பார்த்தால், யாரோடு பேசுகிறோமோ அவரிடமிருந்து இது நம்மைக் காப்பாற்றவே இல்லை என்பது புரியும். அவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். இன்னொரு போனால் படம் பிடிக்கலாம். டைமர் இல்லாத வேறு சாட்டுக்கு ஃபார்வேர்டு செய்யலாம். அங்கே போன பிரதி மறையாது. உங்கள் மெசேஜை இழுத்துப் பிடித்து அவர் பதில் போட்டால், பதிலின் தலையில் மேற்கோளாக ஒட்டிக்கொண்ட உங்கள் வரிகள் மூல மெசேஜ் மறைந்த பிறகும் நிற்கக்கூடும்.

டைமர் காப்பாற்றுவது வேறொரு ஆளிடமிருந்து. இன்றைக்கு அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் பஸ்ஸில் உங்கள் போனைத் திருடப்போகிறவர். டிஸ்ப்ளே மாற்றக் கொடுக்கும்போது, "பின் நம்பர் சொல்லிட்டுப் போங்க சார்" என்று கேட்கும் கடைப் பையன். நீங்கள் அனுப்பியதையெல்லாம் வைத்திருக்கும் இன்னொருவரின் போன் யார் கைக்குப் போகிறதோ அந்தக் கை. இப்படி எப்போதோ வரப்போகிறவருக்கு எதுவும் மிஞ்சாமல் செய்வதுதான் இதன் வேலை.

நமக்கு மிகவும் பழக்கமான ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஜெராக்ஸ் கடை. சுவரில் ஒரு வாட்ஸ்அப் நம்பரை ஒட்டியிருப்பார்கள். ஆதார் அட்டையைப் படம் எடுத்து அதற்கு அனுப்புவோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்து பிரின்ட் போட்டுக் கொடுப்பார். ஐந்து ரூபாயோடு வேலை முடிந்தது. ஆனால் அந்தப் படம் கடையின் போனில், ஆயிரம் பேரின் ஆதாரோடு வருடக்கணக்காகக் கிடக்கும். அனுப்பும் முன் அந்தச் சாட்டுக்கு 24 மணி நேர டைமர் போட்டுவிட்டால், மறுநாள் சாட்டிலிருந்து அது போய்விடும். அனுப்பிய பிறகு நினைவு வந்தால், எல்லோருக்கும் அழிக்கும் வசதி இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைதான் வேலை செய்யும். அதன் பிறகு கடைக்காரர் மனது வைத்தால்தான் உண்டு.

டைமர் போட்டாலும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, பிரின்ட் எடுக்கும்போது கடைக்காரர் கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்திருப்பார். அந்த ஃபைலை வாட்ஸ்அப் தொடாது. இரண்டாவது, போனில் படங்கள் தானாகக் கேலரியில் சேமிக்கப்படும்படி வைத்திருந்தால், சாட்டில் மறைந்தாலும் கேலரியில் இருக்கும். ஆகவே ஆதார் விஷயத்தில் டைமரை இரண்டாவது காவலாகத்தான் கொள்ள வேண்டும். முதல் காவல், ஆதார் தளத்திலேயே கிடைக்கும் மறைக்கப்பட்ட ஆதார். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் அதை ஏற்றுக்கொள்ளும் இடங்களில் அதையே கொடுக்கலாம்.

பேக்கப்பையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். மெசேஜ் மறைவதற்கு முன்பே பேக்கப் ஓடியிருந்தால் அதில் அந்த மெசேஜும் இருக்கும். பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது கெடு முடிந்தவற்றை வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது. இதை நம்பி, "பேக்கப்பில் இருக்கும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு தேவையான மெசேஜை விட்டுவிடவும் முடியாது.

அளவு எடுப்பது எப்படி?

நான் செய்த தவறு, விஷயம் எவ்வளவு ரகசியம் என்று பார்த்து நாள் குறித்ததுதான். வீட்டுக்காரரோடு என்ன பெரிய ரகசியம், 90 நாள் போதும் என்று போட்டேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பேச்சு எனக்கோ அவருக்கோ கடைசியாக எந்த நாளில் தேவைப்படும்? அந்த நாளைக் கண்டுபிடித்துவிட்டால் டைமரின் அளவு தானாக வந்துவிடும்.

எங்கள் அடுக்குமாடிக் குரூப்பை அப்படிப் பார்த்தேன். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு, லிஃப்ட் எப்போது சரியாகும், மூன்றாவது மாடியில் யாருடைய செருப்பு கிடக்கிறது. மூன்று நாள் கழித்து இவற்றால் யாருக்கும் பயன் இல்லை. 7 நாள் போதும். வெளியூர் போனவர் திரும்பி வந்து பார்க்கவும் இடம் இருக்கிறது. ஆனால் அதே குரூப்பில் மாதப் பராமரிப்புக் கணக்கையும் போடுகிறார்கள். வருட முடிவில் கூட்டத்தில் சண்டை வருவது அந்தக் கணக்கில்தான். ஒரே குரூப்பில் மூன்று நாள் ஆயுள் உள்ளதும் ஒரு வருட ஆயுள் உள்ளதும் கலந்திருந்தால் எந்த அளவும் பொருந்தாது. கணக்குக்குத் தனி குரூப் தொடங்கி, அதில் டைமர் இல்லாமல் வைத்தோம்.

நண்பர்கள் குரூப்புக்கு 90 நாள். அங்கே நடப்பது அரட்டை. அடுத்த மாதப் பயணத்துக்கு யார் எவ்வளவு போட்டார்கள் என்பது மட்டும் இரண்டு மாதம் தேவைப்படும். அதற்கு மேல் அந்தக் கிண்டல்களும் வசவுகளும் பத்து பேரின் போனில் பத்து வருடம் இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

குடும்பக் குரூப்பில் கை வைக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். படங்களும் வீடியோவும் பலருடைய போனில் கேலரியில் சேர்ந்துவிடும். குரல் பதிவுகள் கேலரிக்கு வருவதில்லை. என் அம்மாவுக்குத் தட்டச்சு வராது. "சாப்டியாப்பா, மழ பேஞ்சுதா அங்க" என்று எல்லாமே குரலில்தான். அந்தச் சாட்டில் டைமர் போட்டிருந்தால் குறித்த நாளில் அவள் குரல் போயிருக்கும். யாருக்கு எது தேவைப்படும், எப்போது தேவைப்படும் என்று நாள் குறிக்கவே முடியாத பேச்சுக்கு டைமர் போடாமல் இருப்பதுதான் சரி.

பணமும் வாக்குறுதியும் புழங்கும் சாட்டுக்கு வருவோம். இங்கே கடைசித் தேவை நாளை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் சட்டமே சொல்லிவிடுகிறது. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் கெடு பொதுவாக மூன்று வருடம். வாங்கிய பொருளிலோ சேவையிலோ குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, 2019ஆம் ஆண்டின் சட்டப்படி இரண்டு வருடம். "அடுத்த தீபாவளிக்குள்ள குடுத்துடறேன்ணே" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதினால், அந்த வரி மூன்று வருடம் வரை பேசக்கூடியது. வாட்ஸ்அப்பின் மிக நீளமான டைமரோ 90 நாள். கணக்கு எளிது: கடன், வாடகை, வேலை ஒப்பந்தம், ஆர்டர், ரிப்பேர் உத்தரவாதம் இவை பேசப்படும் சாட்டில் டைமர் கூடாது.

90 நாள் என்ற எண்ணே ஏமாற்றக்கூடியது என்பதற்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். அதற்குள் தர முடியாத சூழல் இருந்தது என்று குழுவுக்குத் தோன்றினால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். மூன்று மாதமும் 90 நாளும் ஒன்றுதானே என்று தோன்றும். ஜூலை 1 முதல் அக்டோபர் 1 வரை எண்ணிப் பாருங்கள், 92 நாள் வரும். ஜூலை 1ஆம் தேதி மேலாளர் அனுப்பிய மெசேஜ் செப்டம்பர் 29ஆம் தேதி மறைந்துவிடும். புகார் கொடுக்க இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது ஆதாரம் இருக்காது. அந்தப் பெண் தயங்கித் தயங்கி முடிவெடுக்கும் காலம் முழுவதும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதுவும் டைமரைப் போட்டவர் அந்த மேலாளராகவே இருக்கலாம்.

அமெரிக்காவில் நடந்தது

அளவு தவறினால் நாட்டையே ஆள்கிறவர்களுக்கும் தலைவலிதான். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உயர் அதிகாரிகள், ஏமன் மீது நடத்தப்போகும் தாக்குதலைப் பற்றி ஒரு சிக்னல் குரூப்பில் பேசிக்கொண்டார்கள். அதில் 'தி அட்லான்டிக்' இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க்கைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். அவர் எழுதித்தான் விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தக் குரூப்பில் சில மெசேஜ்கள் ஒரு வாரத்திலும் சில நான்கு வாரத்திலும் மறையும்படி வைக்கப்பட்டிருந்தன.

அமெரிக்கச் சட்டப்படி அரசாங்க வேலையைப் பற்றிய பேச்சு அரசு ஆவணம். அதைப் பாதுகாக்க வேண்டும். அதிகாரிகள் மேல் வழக்கு வந்தது. மார்ச் 11 முதல் 15 வரையிலான மெசேஜ்களை அழியாமல் காக்க வேண்டும் என்று நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் அந்த மாதம் 27ஆம் தேதி உத்தரவிட்டார். ஒரு வார டைமரில் இருந்தவற்றின் கெடு அதற்குள் முடிந்திருக்கும். இதில் நகைமுரண், டைமர் எதைத் தடுக்கும் என்று நம்பினார்களோ அதைத் தடுக்கவில்லை. உள்ளே இருந்த ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாதுகாக்க வேண்டிய பதிவைத்தான் அது தின்றது.

நம் ஊருக்கும் இது பொருந்தும். நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட வேண்டியிருக்கும் மின்னணுப் பதிவை வேண்டுமென்றே அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். அலுவலகத் தகராறோ வழக்கோ வரப்போகிறது என்று தெரிந்த பிறகு புதிதாக டைமர் போடுவது, கையால் அழிப்பதைப் போலவே பார்க்கப்படக்கூடும். போடுவதாக இருந்தால் தகராறுக்கு முன்பே, எல்லாச் சாட்டுக்கும் ஒரு வழக்கமாகப் போட்டிருக்க வேண்டும்.

போடுவதும் எடுப்பதும்

ஒரு சாட்டைத் திறந்து மேலே இருக்கும் பெயரைத் தொட்டால் விவரப் பக்கம் வரும். அதில் 'Disappearing messages' என்ற வரி இருக்கும். அதைத் தொட்டால் '24 hours', '7 days', '90 days', 'Off' என்று நான்கு தெரியும். வேண்டியதைத் தொட்டால் முடிந்தது. அந்தச் சாட்டில் இப்போது டைமர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் இதே இடம்தான். சாட் பட்டியலில் ஒருவர் படத்தின் ஓரத்தில் சின்னதாகக் கடிகாரக் குறி தெரிந்தால், அங்கே டைமர் ஓடுகிறது என்று அர்த்தம்.

இனிமேல் தொடங்கும் புதுச் சாட்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வேண்டும் என்றால் 'Settings', அதில் 'Privacy', அதில் 'Default message timer'. இது ஏற்கெனவே இருக்கும் சாட்களை மாற்றாது. அவற்றுக்கும் வேண்டுமென்றால் அதே பக்கத்தில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நான் புது வருடத்தன்று வரிசையாக டிக் அடித்தது அந்தப் பட்டியலில்தான். இங்கே அவசரப்படாதீர்கள். புதுச் சாட் என்பது பெரும்பாலும் கொரியர்காரர், பிளம்பர், ஓ.எல்.எக்ஸில் சைக்கிள் விற்பவர் என்று முன்பின் தெரியாதவர்களோடு வருவது. அவர்களில் யாரோடு பணத் தகராறு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பொதுவாக இதை 'Off' என்றே வைத்துவிட்டு, தேவையான சாட்டுக்கு மட்டும் போடுவது நல்லது என்பது என் முடிவு.

டைமர் ஓடும் சாட்டில் ஒரு மெசேஜை மட்டும் காப்பாற்ற வேண்டுமென்றால், அதை அழுத்திப் பிடித்தால் மேலே புத்தகக் குறி போல ஒன்று வரும். அதைத் தொட்டால் மெசேஜ் தங்கிவிடும். 2023 ஏப்ரலில் வந்த வசதி இது. முகவரி, வழி, சமையல் குறிப்பு போன்றவற்றுக்கு மிகவும் உதவும். ஆனால் நீங்கள் காப்பாற்றியது அனுப்பியவருக்குத் தெரியவரும்; அவர் வேண்டாம் என்றால் அவர் முடிவே இறுதி, மெசேஜ் கெடுப்படி மறைந்துவிடும். ஆகவே தகராறு வரக்கூடிய விஷயத்துக்கு இதை நம்பக் கூடாது.

அதற்கு வேறு வழி. முதலில் டைமரை நிறுத்துங்கள், இனி வருவதாவது தங்கும். பிறகு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றை, எதிராளியின் நம்பரும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அடுத்து 'Export chat' மூலம் முழுப் பேச்சையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். வேண்டுமென்றால் படங்களையும் சேர்க்கலாம். அந்தச் சாட்டில் ஏற்றுமதியைத் தடுக்கும் தனியுரிமை அமைப்பு போட்டிருந்தால் இது நடக்காது. அப்போது ஸ்கிரீன்ஷாட்தான் கதி. விஷயம் நீதிமன்றம் வரை போகும் என்று தோன்றினால், மெசேஜ் வந்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியாகக் கொடுக்க 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அதில் அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். போனை மாற்றிக்கொண்டு, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வெறும் ஸ்கிரீன்ஷாட்டோடு போய் நின்றால் வக்கீலின் முகம் சுருங்கும்.

வீட்டுக்கு வந்த அன்றிரவு என் போனில் இருந்த சாட்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினொன்றில் டைமர் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்பது நான் போட்டது. இரண்டு எதிர்ப்பக்கத்தார் போட்டது. அதில் ஒருவர் எனக்குப் பணம் தர வேண்டியவர்.

நீங்களும் இன்றிரவு எல்லாச் சாட்டையும் பார்க்க வேண்டாம். உங்களுக்குப் பணம் வர வேண்டியவர், நீங்கள் பணம் தர வேண்டியவர், வீட்டுக்காரர், மேலாளர், இந்த நான்கு பேரின் சாட்டை மட்டும் திறந்து பெயரைத் தொட்டுப் பாருங்கள். 'Off' என்று இருந்தால் தூங்கப் போகலாம். எண் ஏதாவது இருந்தால், அந்த எண்ணுக்குள் உங்கள் தேவை முடிந்துவிடுமா என்று விரல் விட்டு எண்ணிவிட்டுத் தூங்குங்கள்.